காஸ் அடுப்புக்கு எத்தனை இஞ்ச் எக்ஸாஸ்ட் ஃபேன், எந்தச் சுவரில்?

தாளிப்பு நெடி போனதும் அடுப்படிக் காற்று சுத்தமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். காஸ் அடுப்பு எரியும்போது உண்டாகும் நைட்ரஜன் டை ஆக்சைடு என்ற வாயு அப்படிக் காட்டிக்கொடுக்காது. வீட்டுச் சமையலில் சேரும் அளவுக்குப் பெரும்பாலும் வாசனையே தெரியாது. அது சிலிண்டருக்குள் இருந்து வருவதில்லை. தீயின் சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து உண்டாவது. எனவே தீ நன்றாக நீலமாக எரிந்தாலும் உண்டாகும். மூச்சுக்குழாயை உறுத்தும், ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்குத் தொந்தரவு அதிகம். அதை வெளியே தள்ளத்தான் எக்ஸாஸ்ட் ஃபேன்.

1. அளவு

முத்தியால்பேட்டையில் அக்கா வீட்டு அடுப்படியை எடுத்துக்கொள்வோம். 8 அடி நீளம், 7 அடி அகலம், 10 அடி உயரம். பெருக்கினால் 560 கன அடி. அதை 35ஆல் வகுத்தால் 16 கன மீட்டர். சமைக்கும்போது மணிக்கு 20 தடவை காற்று மாற வேண்டும் என்று வைத்தால் 320 கன மீட்டர் வெளியேற வேண்டும். பெட்டியில் m³/h என்று போட்டிருக்கும் எண், எதிரே தடையே இல்லாதபோது கிடைப்பது. ஷட்டர், வலை, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் சேர்ந்து அதைக் குறைத்துவிடும். ஆகவே 600 பக்கம் உள்ளதாகப் பாருங்கள். 6 இஞ்ச் ஃபேன் இதற்குப் பத்தாது. 9 இஞ்சில் தேடலாம். இஞ்சை மட்டும் கேட்டு வாங்காமல் அந்த எண்ணையும் படியுங்கள்.

2. இடம்

பாதிப் பேர் கோட்டைவிடுவது இங்கேதான். அடுப்பு ஒட்டியிருக்கும் சுவரிலேயே, அதற்கு நேர் மேலே ஃபேன் வேண்டும். எதிர்ச்சுவரில் வைத்தால் சூடான காற்று சமைப்பவர் முகத்தைத் தடவிக்கொண்டுதான் போகும்.

நம் கிழக்குக் கடற்கரையில் இன்னொரு சங்கதி, கடல் காற்று. பிற்பகலில் அது கிழக்கிலிருந்து அடிக்கும்போது கிழக்குச் சுவர் ஃபேன் அதோடு மல்லுக்கட்ட வேண்டும். அடுப்பையும் ஃபேனையும் வேறு சுவருக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். இல்லையென்றால் வெளியே வாய் கீழ்நோக்கிய மூடி மாட்டுங்கள். உப்புக் காற்றில் ஷட்டர் துருப்பிடித்துத் திறக்காமலே நிற்கும். அவ்வப்போது கையால் தள்ளிப் பாருங்கள்.

3. ஊதுபத்திச் சோதனை

அடுப்பை அணைத்து, ஃபேனைப் போட்டு, பர்னர் பக்கத்தில் ஊதுபத்தியைப் பிடியுங்கள். அக்கா வீட்டில் புகை அசையாமல் நின்றது. காரணம், ஃபேனுக்குப் பக்கத்து ஜன்னல் திறந்திருந்தது: அதில் நுழைந்த காற்றையே ஃபேன் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அதைச் சாத்தி, எதிர்ப்பக்கக் கதவைத் திறந்ததும் புகை அடுப்பைத் தாண்டி ஃபேனை நோக்கிச் சாய்ந்தது.

4. நேரம்

பற்றவைக்கும் முன்பே போடுங்கள். அணைத்தபின் 15 நிமிடம் ஓடட்டும். குழாய் இல்லாமல் கரி வடிகட்டியோடு வரும் சிம்னி நெடியைக் குறைக்கும். ஆனால் நைட்ரஜன் டை ஆக்சைடைப் பெரும்பாலும் அறைக்குள்ளேயே திருப்பி விடும். ஒன்று மட்டும்: காஸ் கசியும் வாடை வந்தால் ஃபேன் சுவிட்சைத் தொடவே கூடாது. கதவு, ஜன்னலைத் திறந்து ரெகுலேட்டரை மூடுங்கள்.