பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு அறையில் என்ன பேசுவது, எப்போது பேசுவது

முதல் தடவையாக அறைக் கண்காணிப்பாளராகப் போகும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். விதிமுறைகளை ஆயத்தக் கூட்டத்திலேயே சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்த விதிகளை அறையில் இருக்கும் இருபது பிள்ளைகளிடம் எந்த வார்த்தைகளில், எந்த நிமிடத்தில் சொல்வது என்பதைப் பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை.

காலையில் குலுக்கல் போட்டு அறை எண் கொடுப்பார்கள். உள்ளே இருக்கும் பிள்ளைகளில் ஒருவரைக்கூட உங்களுக்குத் தெரிந்திருக்காது. அவர்களுக்கும் உங்கள் முகம் புதிது. அதனால் முதல் இரண்டு நிமிடங்களில் நீங்கள் பேசும் விதம்தான் அடுத்த மூன்றேகால் மணி நேரத்துக்கு அந்த அறை எப்படி இருக்கும் என்பதை முடிவு செய்யும்.

நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். ஒரு பிள்ளை எந்த நேரத்தில் ஒரு வேலையைச் செய்ய முடியுமோ, அந்த நேரத்தில்தான் அதற்கான அறிவுரையைச் சொல்ல வேண்டும். முகப்புத் தாளில் என்ன எழுதுவது, கடைசியில் தாளை எப்படிக் கட்டுவது என்று எல்லாவற்றையும் தொடக்கத்திலேயே ஒப்பித்தால் எதுவுமே மனதில் நிற்காது.

பிள்ளைகள் வருவதற்கு முன்

அறைக்குப் போனதும் மேசைகளையும், சுவரில் கை எட்டும் உயரம் வரையும் ஒரு முறை பாருங்கள். ஏதாவது எழுதியிருந்தால் உடனே அழித்துவிடுங்கள். பிறகு கரும்பலகையில் தேதி, பாடம், நேரம் மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். நேரத்தை இப்படிப் பிரித்து எழுதினால் பிள்ளைகள் உங்களைக் கேட்கவே மாட்டார்கள்:

10.00 – 10.10 வினாத்தாள் வாசித்தல்
10.10 – 10.15 முகப்புத் தாள் சரிபார்த்தல்
10.15 – 1.15 எழுதுதல்

வினாத்தாளின் மேலே '15 நிமிடம் + 3.00 மணி' என்று அச்சிட்டிருப்பது இதைத்தான்.

உள்ளே வந்ததும்

எல்லோரும் உட்காரும் வரை பேச வேண்டாம். பாதிப் பேர் நிற்கும்போது சொன்னதை மறுபடியும் சொல்ல வேண்டி வரும். அமைதியானதும் நான் சொல்வது இது:

"வணக்கம் பிள்ளைங்களா. ஹால் டிக்கெட்ட மேசை மேல எடுத்து வைங்க. பேனா, பென்சில், ரப்பர், ஸ்கேல் மட்டும் பக்கத்துல இருக்கட்டும். பை, புத்தகம், நோட்டு எல்லாம் வெளியில. இப்ப ஒவ்வொருத்தரும் உங்க சட்டைப் பை, பேன்ட் பை, பாக்ஸ் மூணையும் நீங்களே ஒரு தடவ பாத்துக்கோங்க. தெரியாம ஏதாவது சீட்டு இருந்தா இப்ப எங்கிட்ட குடுத்துடுங்க. இப்ப குடுத்தா ஒண்ணும் கேக்க மாட்டேன்."

இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லிவிட்டு அரை நிமிடம் அப்படியே நில்லுங்கள். அவசரப்பட்டு அடுத்த பேச்சுக்குப் போகாதீர்கள். அந்த அரை நிமிடத்தில்தான் யாராவது ஒரு பிள்ளை மெதுவாக எழுந்து வந்து, காலையில் வரும் வழியில் படித்த குறிப்புத் தாளை நீட்டும். பெரும்பாலும் அது மறந்துபோய்ப் பையிலேயே கிடந்த தாளாகத்தான் இருக்கும். அதையே ஒரு மணி நேரம் கழித்துப் பறக்கும் படை எடுத்தால் அது ஒழுங்கீனச் செயல். அந்தப் பிள்ளையின் ஒரு வருடமே போய்விடும். கொடுத்த தாளை வாங்கி, சொன்ன சொல் மாறாமல், ஒன்றும் கேட்காமல் வெளியில் போட்டுவிடுங்கள்.

மாணவிகளை ஆண் ஆசிரியர் தொட்டுச் சோதிக்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் பெண் ஆசிரியரை அழைக்கச் சொல்லுங்கள். அப்புறம், உங்கள் செல்போனும் தேர்வு அறைக்குள் வரக்கூடாது.

வினாத்தாள் உறை

உறையில் அச்சிட்டிருக்கும் பாடமும் தேதியும் கரும்பலகையில் எழுதியதோடு ஒத்துப்போகிறதா என்று முதலில் நீங்கள் பாருங்கள். பிறகு உறையை உயர்த்திக் காட்டி, "இது இன்னிக்குத் தேர்வோட உறை. பிரிக்காம இருக்கு, பாருங்க" என்று சொல்லி, இரண்டு பிள்ளைகளிடம் கையெழுத்து வாங்கிய பிறகே பிரிக்க வேண்டும். கையெழுத்து போடும் பிள்ளைக்கு எதற்காகப் போடுகிறோம் என்பதைச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாக அது பயந்துபோகும்.

வினாத்தாள் கையில் கிடைத்ததும் நீங்கள் சொல்ல வேண்டியது இரண்டே வாக்கியம்:

"மேல இருக்கற கட்டத்துல பதிவு எண் எழுதுங்க, வேற எதுவும் எழுதக் கூடாது. எல்லாப் பக்கமும் தெளிவா இருக்கான்னு பாத்துட்டு, இல்லன்னா உடனே கைய தூக்குங்க."

அதற்குப் பிறகு பத்து நிமிடம் வாயைத் திறக்க வேண்டாம். அது வாசிப்பதற்கென்றே கொடுத்த நேரம். எந்தக் கேள்வியை விடுவது, எதை முதலில் எழுதுவது என்று பிள்ளை மனதுக்குள் கணக்குப் போடுவது அப்போதுதான். புதிதாக வரும் ஆசிரியர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். அமைதியாக இருக்கிறதே என்று எண்ணி, மிச்சமிருக்கும் அறிவுரைகளையெல்லாம் இந்த நேரத்தில் கொட்டிவிடுவார்கள்.

முகப்புத் தாள்

பிள்ளையின் புகைப்படம், பெயர், பதிவு எண், பாடம் எல்லாம் ஏற்கெனவே அச்சாகி, விடைத்தாளோடு சேர்த்துத் தைத்து வருவதுதான் முகப்புத் தாள். எழுதும் வேலை குறைவு என்பதால் இதைச் சாதாரணமாக நினைக்கிறோம். ஆனால் ஆபத்து இருப்பதும் இங்கேதான்.

நான் இரண்டாவது தடவை போன மையத்தில் நடந்ததைச் சொல்கிறேன். விடைத்தாள்கள் பதிவு எண் வரிசையில் அடுக்கியிருந்தன. பிள்ளைகளும் அதே வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஏழாவது இடத்துப் பையன் அன்று வரவில்லை. அவனுடைய விடைத்தாளைத் தனியே எடுத்து வைக்க மறந்து, வரிசையாகக் கொடுத்துக்கொண்டே போனேன். எட்டாவது பெண்ணின் கைக்கு ஏழாவது பையனின் தாள் போனது, ஒன்பதாவதுக்கு எட்டாவதன் தாள். அப்படியே கடைசி வரைக்கும் ஒவ்வொன்றாகத் தள்ளிப்போனது. பேனாவை எடுக்கும் முன் ஹால் டிக்கெட்டையும் முகப்புத் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லியிருந்ததால்தான் அது தப்பித்தது. எட்டாவது இடத்துப் பெண், "சார், போட்டோ என்னுது இல்ல" என்றாள். யாரும் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. இரண்டு நிமிடத்தில் எல்லாத் தாளையும் மாற்றிவிட்டேன்.

அன்றிலிருந்து வராதவர்களின் விடைத்தாள்களை முதலிலேயே பிரித்து என் மேசையில் வைத்துவிடுகிறேன். பிறகு இப்படிச் சொல்வேன்:

"யாரும் பேனாவ எடுக்காதீங்க. முதல்ல போட்டோ உங்களோடதான்னு பாருங்க. ஹால் டிக்கெட்ல இருக்கற பதிவு எண்ணோட கடைசி மூணு எண்ண, தாள்ல இருக்கறதோட விரல் வெச்சு ஒத்துப் பாருங்க. அப்புறம் பாடத்தோட பேர். மூணும் சரியா? சரின்னா மட்டும் கையெழுத்து போடுங்க."

யாராவது அவசரத்தில் அடுத்தவர் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டால் நீங்களாக அதை அடித்துத் திருத்தக் கூடாது. முதன்மைக் கண்காணிப்பாளருக்குச் சொல்லி அனுப்புங்கள். அவர் சொல்கிறபடி செய்யுங்கள்.

எழுதத் தொடங்கும் நொடி

10.15 மணி அடித்ததும் பிள்ளைகளின் கை பரபரக்கும். ஆகவே அதற்கு அரை நிமிடம் முன்பே சொல்லி முடித்துவிடுங்கள்:

"நீலம் இல்லன்னா கருப்பு மை மட்டும்தான். அடிக்கோடும் அதே மையில. படத்துக்குப் பென்சில். கேள்வி எண்ண வினாத்தாள்ல இருக்கறபடியே போடுங்க. உள்பக்கத்துல பேரு, பதிவு எண், ஊர் எதுவும் வேண்டாம். பக்கத்துக்கு மேல பிள்ளையார் சுழி, சிலுவை, 786 மாதிரி எந்தக் குறியும் போடாதீங்க. சாமிய மனசுல கும்பிட்டுக்கோங்க."

இந்தக் கடைசிப் பகுதியைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். வீட்டில் எந்தத் தாளை எடுத்தாலும் 'உ' போட்டுப் பழகிய பிள்ளைக்கு அது தவறு என்றே தோன்றாது. திருத்துபவருக்கு யாருடைய தாள் என்று தெரியக் கூடாது என்பதால், எந்தக் குறியையும் அடையாளம் காட்டுவதாக எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது.

நடுவில்

மூன்று மணி நேரத்தில் நீங்கள் வாய் திறக்க வேண்டியது சில தடவைதான். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை கரும்பலகையில் மீதி நேரத்தை எழுதினால் போதும். 12.45-க்கு மட்டும் வாயால் சொல்லுங்கள்: "இன்னும் அரை மணி நேரம் இருக்கு."

யாராவது கேள்விக்குப் பொருள் கேட்டால், "அத நான் சொல்லக் கூடாதுப்பா, இன்னொரு தடவ படிச்சுப் பாரு" என்று அன்பாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். அச்சுப்பிழை என்று சொன்னால் நீங்களாக விளக்கம் தராமல் முதன்மைக் கண்காணிப்பாளருக்குத் தெரிவியுங்கள். ஒரே பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் நெடுநேரம் நிற்க வேண்டாம், கை நடுங்கும்.

பிட்டு கண்ணில் பட்டால் சத்தம் போடாதீர்கள். தாளைக் கையில் எடுத்து, நேரத்தைக் குறித்துக்கொண்டு, துறை அலுவலரை அழைக்கச் சொல்லுங்கள். மற்ற பத்தொன்பது பேரும் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும்.

கடைசி நிமிடங்கள்

மணி அடித்த பிறகு அறிவுரை சொன்னால் யார் காதிலும் ஏறாது. அதனால் 1.05-க்கே சொல்லிவிடுங்கள்:

"இன்னும் பத்து நிமிஷம். கேள்வி எண் எல்லாம் போட்டிருக்கான்னு பாருங்க. கூடுதல் தாள் வாங்கினவங்க இப்பவே வரிசையா வெச்சு நூலால கட்டிடுங்க. எழுதாம விட்ட பக்கத்த மட்டும் குறுக்கால கோடு போடுங்க. எழுதின விடைங்க எல்லாத்தையும் யாரும் அடிச்சிடாதீங்க."

கடைசி எச்சரிக்கையைக் கேட்டு நீங்களே வியக்கலாம். தேர்வு சரியாக எழுதவில்லை என்ற வருத்தத்தில் மொத்த விடைத்தாளையும் கோடு போட்டு அடித்துவிடும் பிள்ளைகள் உண்டு. அதையும் தேர்வுத் துறை ஒழுங்கீனமாகவே கருதுகிறது. ஏற்கெனவே உடைந்துபோயிருக்கும் பிள்ளைக்கு அது இன்னொரு அடி. தலையைக் கவிழ்த்து, எழுதாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளை இருந்தால் 1.05-க்குப் பிறகு அதன் பக்கமாக ஒரு முறை நடந்து போங்கள்.

1.10-க்கு எச்சரிக்கை மணி. 1.15-க்கு:

"எழுதறத நிறுத்துங்க. பேனாவ கீழ வைங்க. யாரும் எழுந்திருக்க வேண்டாம், நானே வந்து வாங்கிக்கறேன்."

பதிவு எண் வரிசையில் ஒவ்வொரு மேசையாகப் போய், முகப்புத் தாளைப் பார்த்து வாங்குங்கள். எல்லாவற்றையும் வாங்கியதும் உங்கள் மேசையில் வைத்து எண்ணுங்கள். இருபதில் ஒருவர் வரவில்லை என்றால் பத்தொன்பது இருக்க வேண்டும். எண்ணிக்கை சரியாகும் வரை கதவைத் திறக்காதீர்கள். ஒரு தாள் மேசைக்கடியில் கிடந்தாலும், வினாத்தாளோடு சேர்ந்து ஒரு பிள்ளையின் கைக்குப் போயிருந்தாலும், அறை காலியாவதற்கு முன்பு அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

எண்ணிக்கை சரியானதும் கதவுப் பக்கம் நின்று சொல்லுங்கள்: "வினாத்தாள எடுத்துக்கோங்க. பக்கத்து அறையில கூடுதல் நேரம் வாங்கின பிள்ளைங்க இன்னும் ஒரு மணி நேரம் எழுதுவாங்க, வராந்தாவுல சத்தமில்லாம போங்க. ஹால் டிக்கெட் எல்லார் கையிலயும் இருக்கா? அடுத்த தேர்வுக்கு வேணும்."