மாதம் ஒருமுறை வரும் மயக்கத்தை ஒருநாள் ஹோல்டர் பிடிக்குமா?

டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருவில் இருக்கும் அக்காவுக்கு வயது 58. மூன்று வாரத்துக்கு ஒருமுறை கண் இருட்டி விழுந்துவிடுவார். இதயத் துடிப்பைப் பதியும் ஹோல்டர் கருவியை இரண்டு தடவை 24 மணி நேரம் மாட்டினார்கள். இரண்டிலும் கோளாறு இல்லை. "தம்பி, ஒன்றுமில்லை என்கிறார்கள், அப்புறம் ஏன் விழுகிறேன்?" என்று கேட்டார். இதயப் பரிசோதனைக் கருவிகளை மாட்டிவிடுவதே என் வேலை என்பதால் என்னிடம் கேட்டார்.

முதல் தவறு இங்கேதான். ஹோல்டர் மாட்டியிருக்கும் நேரம் முழுவதும் ஒவ்வொரு துடிப்பையும் விடாமல் பதியும். படபடப்பு தினமும் வருகிறவருக்கு அதைவிட நல்லது வேறில்லை. ஆனால் 21 நாளுக்கு ஒருமுறை வருவது, மாட்டிய அந்த ஒரே நாளில் வர வாய்ப்பு ஏறக்குறைய 21-இல் ஒன்றுதான். மயக்கம் வராத நாளின் பதிவு சரியாக இருந்தால், அந்த நாளில் இதயம் ஒழுங்காகத் துடித்தது என்பதைத் தவிர பெரிதாக எதையும் சொல்லிவிட முடியாது.

அப்படியென்றால் அறிகுறி வரும் நேரத்துப் பதிவை மட்டும் சேமிக்கும் ஈவென்ட் ரெக்கார்டர் கேட்டு வாங்கலாமே என்றால், அதிலும் வகை பார்க்க வேண்டும். படபடப்பு வந்தபின் எடுத்து நெஞ்சில் வைக்கிற சின்னக் கருவி மயக்கத்துக்கு உதவாது. நினைவிழந்தவர் அதை எப்படி எடுத்து வைப்பார்? அக்காவுக்குத் தேவைப்பட்டது லூப் ரெக்கார்டர். அது உடம்பிலேயே ஒட்டியிருந்து, பழையதை அழித்துப் புதியதைப் பதிந்துகொண்டே இருக்கும். விழுந்து எழுந்ததும் பொத்தானை அழுத்தினால், அழுத்துவதற்கு முந்தைய சற்று நேரப் பதிவு அழியாமல் நிற்கும். அந்த நேரம் எவ்வளவு என்று மாட்டும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். தாமதமாக அழுத்தினால் முக்கியமான பகுதி அழிந்துபோகும். வீட்டாருக்கும் பொத்தானைக் காட்டிவையுங்கள்.

30 நாளுக்கு மாட்டினோம். பிப்ரவரி மாதப் புழுக்கத்தில் வியர்வையில் தோலில் ஒட்டும் பட்டை கழன்றுகொண்டே இருந்தது. தோலை நன்றாகத் துடைத்து, காயவிட்டு, புதுசு ஒட்டச் சொன்னேன். அரிக்கிறது என்று ஓரிரு நாள் கழற்றி வைப்பவர்கள் உண்டு, விழுவது அந்த நாளாகவே இருக்கலாம். 17-ஆம் நாள் அடுப்படியில் சரிந்தார். மகள் பொத்தானை அழுத்தினாள். பதிவில் இதயம் 6 விநாடி துடிக்காமல் நின்றிருந்தது. இப்போது பேஸ்மேக்கர் வைத்திருக்கிறார்.

ஆறு மாதம், ஒரு வருடத்துக்கு ஒருமுறைதான் மயக்கம் என்றால் 30 நாளும் போதாது. தோலுக்கடியில் வைக்கும் சின்ன லூப் ரெக்கார்டர் சில ஆண்டுகள் ஓடும், அதைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

எந்தக் கருவியானாலும் நாட்குறிப்பு எழுதாமல் விடாதீர்கள். "மாலை 4.10, படி ஏறினேன், படபடப்பு" என்று ஒரு வரி போதும். அந்த நேரத்தில் துடிப்பு ஒழுங்காக இருந்தால், படபடப்புக்குத் துடிப்புக் கோளாறு காரணமில்லை என்று தெரியும். அதுவும் விடைதான்.

ஓடும்போதோ பாரம் தூக்கும்போதோ மயங்கி விழுந்தாலும், மயங்குகிறவரின் குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் இருந்தாலும், கருவிக்காக வீட்டில் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.