9.4 டெஸ்லாவில் நிற்கும் புரோட்டானை ஒரு குட்டி ரேடியோ பல்ஸ் எப்படிப் புரட்டுகிறது?

பெங்களூர் மத்திகெரேயில் எங்கள் பக்கத்து வீட்டில் தங்கி எம்.எஸ்சி. படிக்கும் தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணா, 9.4 டெஸ்லா காந்தத்துக்குள்ள இருக்கிற புரோட்டானை, ஒரு மில்லிடெஸ்லாகூட இல்லாத ரேடியோ அலை எப்படிண்ணா தலைகீழாத் திருப்புது?"

அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு என்னும் என்.எம்.ஆர். பாடத்தில் கேட்கவேண்டிய முதல் கேள்வியே இதுதான். "அதிர்வெண் பொருந்தினால் ஆற்றலை உறிஞ்சும்" என்ற வழக்கமான பதில் தப்பில்லை. ஆனால் பல்ஸை 10 மைக்ரோ வினாடியில் நிறுத்தினால் ஒரு விளைவு, 20-இல் நிறுத்தினால் வேறு விளைவு, 40-இல் நிறுத்தினால் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். அது ஏன் என்று அந்தப் பதிலால் சொல்ல முடியாது. படிப்படியாகப் போகலாம். கலப்பெண்ணும் மேட்ரிக்ஸ் பெருக்கலும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: இரண்டு நிலைகள், ஒரு அதிர்வெண்

புரோட்டான் ஒரு அரை ஸ்பின். காந்தப்புலத்தில் வைத்தால் அதற்கு இரண்டு ஆற்றல் நிலைகள்தான்: புலத்தின் திசையில் ஒன்று, எதிர்த்திசையில் ஒன்று. இரண்டுக்கும் இடையிலான ஆற்றல் வேறுபாட்டை அதிர்வெண்ணாகச் சொன்னால் கணக்கு எளிது: ஒரு டெஸ்லாவுக்கு 42.577 மெகாஹெர்ட்ஸ். 9.4 டெஸ்லாவில் 400 மெகாஹெர்ட்ஸ். அதனால்தான் ஆய்வகத்தில் அந்தக் கருவியை "நானூறு" என்றே கூப்பிடுகிறார்கள். ஆஸ்பத்திரி 1.5 டெஸ்லா ஸ்கேனில் இது சுமார் 64 மெகாஹெர்ட்ஸ். பெங்களூரில் 101.3-இல் வரும் எஃப்.எம். ரெயின்போவின் அதிர்வெண்ணில் புரோட்டானை ஒத்ததிரச் செய்ய 2.38 டெஸ்லா காந்தம் வேண்டும். ரேடியோ என்பது இங்கே வெறும் பெயரல்ல, உண்மையிலேயே அதே அலைவரிசைதான்.

இன்னொரு எண்ணையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 9.4 டெஸ்லாவில் அந்த ஆற்றல் வேறுபாடு, அறை வெப்பத்தின் ஆற்றலோடு ஒப்பிட்டால் துளியூண்டு. 10 லட்சம் புரோட்டான்களை எடுத்தால், கீழ்நிலையில் இருப்பவை மேல்நிலையில் இருப்பவற்றைவிடச் சுமார் 32 மட்டுமே அதிகம். நமக்குக் கிடைக்கும் சிக்னல் முழுக்க இந்த 32-இலிருந்து வருவது.

படி 2: மேலும் இல்லை, கீழும் இல்லை

ஸ்பின் "மேலே" அல்லது "கீழே" மட்டும்தான் இருக்கும் என்று பலர் மனதில் பதித்துக்கொள்கிறார்கள். அப்படிப் பதிந்தால் மேற்கொண்டு எதுவும் புரியாது. பொதுவான நிலை இரண்டின் கலவை: `a|↑⟩ + b|↓⟩`. நேரம் போகப் போக a-யும் b-யும் வேறு வேறு வேகத்தில் கட்டம் மாறுகின்றன. அந்தக் கட்ட வேறுபாடு வினாடிக்கு 40 கோடி முறை சுற்றுகிறது. இதன் பொருள், ஸ்பினின் பக்கவாட்டுக் கூறு காந்தப்புலத்தை அதே வேகத்தில் வலம் வருகிறது என்பதே.

ஒரு அரை ஸ்பினின் சராசரித் திசையை ஓர் அம்பாக வரைந்தால், அந்த அம்பு புலத்தைச் சுற்றி வரும் விதம் பழைய இயற்பியலின் சமன்பாட்டோடு அப்படியே ஒத்துப்போகிறது. இது தோராயம் இல்லை, துல்லியமான முடிவு. அதனால் இனி அம்பை வைத்தே தைரியமாகப் பேசலாம். விதி ஒன்றுதான்: அம்பு எப்போதும் அங்கிருக்கும் மொத்தப் புலத்தைச் சுற்றி வரும்.

படி 3: பக்கவாட்டில் ஒரு சின்னப் புலம்

இங்கேதான் நிறையப் பேர் சிக்கிக்கொள்கிறார்கள், நிதானமாகப் போவோம்.

400 மெகாஹெர்ட்ஸ் கருவியில் அம்பை 90 பாகை சாய்க்கும் பல்ஸ் 10 மைக்ரோ வினாடி என்பது சாதாரணமாகக் காணும் அளவு. கால் சுற்றுக்கு 10 என்றால் முழுச் சுற்றுக்கு 40 மைக்ரோ வினாடி, அதாவது 25 கிலோஹெர்ட்ஸ். 42.577 மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் பல்ஸின் புலம் 0.587 மில்லிடெஸ்லா. பெரிய காந்தத்தைவிட 16,000 மடங்கு சிறியது.

இந்தச் சின்னப் புலத்தை நகராமல் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். மொத்தப் புலம் 0.0036 பாகை சாய்கிறது, அவ்வளவுதான். அம்பு அந்தச் சாய்ந்த அச்சை ஒட்டியபடி சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு சுற்றின் முதல் பாதியில் கிடைத்த சாய்வை அடுத்த பாதி அழித்துவிடும். எத்தனை நேரம் காத்திருந்தாலும் புரளாது.

இப்போது அதே சின்னப் புலத்தை, அம்பு வலம் வரும் அதே திசையில் அதே வேகத்தில் சுழல விடுங்கள். ராட்டினத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் கூடவே சுற்றும் எதிர் இருக்கை அசையாமல் தெரிவதுபோல, நாமும் 400 மெகாஹெர்ட்ஸில் சுற்றியபடி பார்த்தால் அம்பின் வலம் நின்றுபோகும். வலம் வரவே இல்லை என்றால், அந்தச் சுழலும் சட்டகத்தில் பெரிய புலம் இல்லாததுபோலவே நடக்கிறது என்று பொருள். 9.4 டெஸ்லா கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறது. மிச்சம் இருப்பது பக்கவாட்டில் அசையாமல் நிற்கும் 0.587 மில்லிடெஸ்லா மட்டும். போட்டிக்கு வேறு புலம் இல்லாததால் அம்பு அதைச் சுற்றி வருகிறது: மேலிருந்து பக்கவாட்டுக்கு, பிறகு கீழே, பிறகு மறுபக்கம், மறுபடி மேலே.

தம்பியின் கேள்விக்குப் பதில் இதுதான். பல்ஸ் பெரிய காந்தத்தோடு பலப்பரீட்சை நடத்துவதில்லை. கூடவே சுற்றுவதால் அதன் எதிர்ப்பைச் சந்திக்க வேண்டிய தேவையே இல்லை. புலம் சிறிதாக இருந்தால் புரள்வது மெதுவாகும், நிற்காது. ஆய்வகச் சட்டகத்தில் பார்த்தால், 10 மைக்ரோ வினாடியில் அம்பு 4,000 முறை வலம் வருகிறது, ஒவ்வொரு வலத்திலும் 0.0225 பாகை இறங்குகிறது. 4,000 துளிகளும் ஒரே பக்கம் சேர்வதால்தான் 90 பாகை.

ஒரு சிறு விஷயம்: கருவியின் சுருள் சுழலும் புலத்தைத் தருவதில்லை, முன்னும் பின்னும் அலையும் புலத்தைத்தான் தரும். அது எதிரெதிராகச் சுழலும் இரண்டு புலங்களின் கூட்டு. நம் அம்போடு சுற்றும் பாதி வேலை செய்யும், எதிரே சுற்றும் பாதியின் விளைவு இங்கே தள்ளுபடி செய்யத்தக்கது. கீழே நிரலில் 2 என்ற எண் வருவது இதற்காகவே.

படி 4: ஓட்டிப் பார்ப்பது

ஆரம்பத்திலேயே பெரிய என்.எம்.ஆர். பாவனை மென்பொருள்களுக்குப் போகாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. 2×2 மேட்ரிக்ஸ் இரண்டு போதும், பைத்தான் போதும். சுழலும் சட்டகத்தை நம்ப மறுப்பவர்களுக்காக, கீழே உள்ளது வேண்டுமென்றே ஆய்வகச் சட்டகத்தில் எழுதியது.

```python
import numpy as np
from scipy.linalg import expm

sx = np.array([[0, 1], [1, 0]], complex) / 2
sz = np.array([[1, 0], [0, -1]], complex) / 2

def flip(f0, f1, f, t, n=20000):
    psi = np.array([1, 0], complex)
    dt = t / n
    for k in range(n):
        tk = (k + 0.5) * dt
        H = -2*np.pi*(f0*sz + 2*f1*np.cos(2*np.pi*f*tk)*sx)
        psi = expm(-1j*H*dt) @ psi
    return abs(psi[1])**2

print(flip(100, 1, 100, 0.5))
print(flip(100, 1, 0, 0.5))
print(flip(100, 1, 101, 0.5))
```

இங்கே பெரிய புலம் 100, பல்ஸ் 1 என்று சுருக்கியிருக்கிறேன். நேரம் 0.5 என்றால் அரைச் சுற்று, அதாவது 180 பாகை. முதல் வரி கிட்டத்தட்ட 1 தரும்: முழுதாகப் புரண்டுவிட்டது. இரண்டாவதில் அதே வலிமை, ஆனால் அதிர்வெண் பூஜ்யம். எந்த நேரத்தில் நிறுத்தினாலும் 0.0004-ஐத் தாண்டாது. மூன்றாவதில் அதிர்வெண் 1 மட்டும் தள்ளியிருக்கிறது, விடை சுமார் 0.32.

அந்த மூன்றாவது வரிதான் நடைமுறையில் முக்கியம். அதிர்வெண் தள்ளியிருந்தால் சுழலும் சட்டகத்தில் பெரிய புலம் முழுதாக மறையாது, கொஞ்சம் மிஞ்சும். அம்பு சாய்ந்த அச்சைச் சுற்றும், அடிவரை போகாது. எவ்வளவு தள்ளினால் கெடும் என்பதைப் பல்ஸின் வலிமையே தீர்மானிக்கிறது. நம் 25 கிலோஹெர்ட்ஸ் பல்ஸுக்கு 4 கிலோஹெர்ட்ஸ் தள்ளியிருந்தால் அதிகபட்சம் 97 சதவீதம் புரளும். 25 தள்ளினால் பாதி. 250 தள்ளினால் ஒரு சதவீதம். புரோட்டான் நிறமாலையின் வழக்கமான அகலமான 10 பி.பி.எம். இந்தக் கருவியில் 4 கிலோஹெர்ட்ஸ்தான், அதனால் ஒரே பல்ஸ் எல்லாப் புரோட்டான்களையும் சாய்க்கிறது. அதே மூலக்கூறில் உள்ள கார்பன்-13 சுமார் 100 மெகாஹெர்ட்ஸில் வலம் வருகிறது. அதற்கு இந்தப் பல்ஸ் வந்துபோனதே தெரியாது.

படி 5: 90 பாகையில் என்ன நடக்கிறது

90 பாகையில் நிறுத்தினால் மேலும் கீழும் சம வாய்ப்பு. அந்த 32 வேறுபாடு பூஜ்யமாகிவிட்டது. வேறுபாடே இல்லையென்றால் சிக்னல் எங்கிருந்து வரும்? பலவீனமான அலையை நெடுநேரம் விட்டு இரு நிலைகளையும் சமமாக்கினாலும் வேறுபாடு பூஜ்யம்தான், அப்போது சிக்னல் வராது. ஆனால் 90 பாகை பல்ஸுக்குப் பின் சிக்னல் உச்சத்தில் இருக்கும். காரணம், இங்கே a-யும் b-யும் எல்லா ஸ்பின்களிலும் ஒரே கட்ட உறவோடு நிற்கின்றன. மிஞ்சியிருந்த காந்தம் மொத்தமாகப் பக்கவாட்டில் படுத்து வலம் வருகிறது, சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. பலவீனமான அலையை நெடுநேரம் விட்டதில் கட்டங்கள் சிதறி ஒன்றையொன்று அழித்துவிட்டன. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியாது.

படி 6: கருவியில் பல்ஸ் நீளத்தைக் கண்டுபிடிப்பது

உச்சத்தைத் தேடி 90 பாகையை அளக்காதீர்கள். உச்சத்தருகே சைன் வளைவு தட்டையாக இருப்பதால் 9 மைக்ரோ வினாடிக்கும் 11-க்கும் வித்தியாசம் சரியாகத் தெரியாது. சிக்னல் பூஜ்யமாகும் இடத்தைத் தேடுங்கள். 180-ஐவிட 360-ஐயே நான் விரும்புகிறேன். 180-க்குப் பின் காந்தம் தலைகீழாக நிற்பதால் அடுத்த அளவீட்டுக்கு நீண்ட நேரம் காத்திருக்க வேண்டும். 360-க்குப் பின் அது வீடு திரும்பிவிடுகிறது. புரூக்கர் கருவி என்றால் `zg` நிரலில் பல்ஸ் நீளமான `p1`-ஐ 40 மைக்ரோ வினாடியை ஒட்டி மாற்றிப் பாருங்கள். குறைவாக இருந்தால் உச்சி கீழ்நோக்கி, அதிகமானால் மேல்நோக்கி. பூஜ்யமாகும் எண்ணை நான்கால் வகுத்தால் 90 பாகை.

பூஜ்யம் சுத்தமாக வராது. குழாயின் ஓரங்களில் பல்ஸ் புலம் சற்று வலுக்குறைவு என்பதால் கொஞ்சம் மேலும் கீழும் மிஞ்சும், அது இயல்பு. ஆனால் 10 வரவேண்டிய இடத்தில் 14 வந்தால் முதலில், சுருளைத் தாங்கும் புரோபின் ட்யூனிங்கைப் பாருங்கள். அது சரியாக இருந்தால் மாதிரியில் உப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். புரதக் கரைசல்களில் இது அடிக்கடி நடக்கும்: உப்புக் கரைசல் மின்சாரத்தைக் கடத்துவதால் ரேடியோ ஆற்றலின் ஒரு பகுதியை விழுங்கிவிடுகிறது, அதே வலிமைக்குப் பல்ஸ் நீளமாகிறது. அதனால் ஒவ்வொரு மாதிரிக்கும் புதிதாக அளக்க வேண்டும்.

பின்சேர்க்கை

நிரலை ஓட்டிய வாசகர் ஒருவர், `flip` வாய்ப்புக்குப் பதில் `psi[0]`-ஐத் திருப்பித் தரும்படி மாற்றி t = 1 கொடுத்திருக்கிறார். முழுச் சுற்று ஆன பிறகு 1 வரும் என்று எதிர்பார்த்தவருக்கு −1-ஐ ஒட்டிய விடை வந்திருக்கிறது. நிரல் சரியாகத்தான் இருக்கிறது. அரை ஸ்பினில் அம்பு 360 பாகை சுற்றும்போது a, b இரண்டும் பாதிக் கோணமே நகர்கின்றன, அதனால் குறி மாறுகிறது. t = 2 கொடுத்தால்தான் +1-க்குத் திரும்பும். சிக்னலில் இது தெரியாது. சிக்னல் a-யையும் b-யையும் பெருக்கி வருவது, இரண்டின் குறியும் சேர்ந்தே மாறினால் பெருக்கல் மாறாது.