பிஎச்.டி.க்கு வெளிநாடு விண்ணப்பிக்கும் மாணவிக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதுவது எப்படி?

நாகர்கோவில் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் முதுநிலை மாணவர்களின் திட்ட ஆய்வுக்கு வழிகாட்டியாக இருக்கிறேன். நான் எழுதிய முதல் பரிந்துரைக் கடிதத்தை இப்போது படித்தால் கூச்சமாக இருக்கிறது. "ஒழுக்கமானவர், பணிவானவர், கடின உழைப்பாளி, எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறேன்." பெயரை மட்டும் மாற்றினால் ரப்பர் தோட்டத்துக் கணக்கர் வேலைக்கும் அதைக் கொடுத்துவிடலாம். நம்மில் பலர் பரிந்துரைக் கடிதம் என்ற பெயரில் நன்னடத்தைச் சான்றிதழைத்தான் எழுதுகிறோம்.

மதிப்பெண்கள் தேர்வுக் குழுவின் கையில் ஏற்கெனவே இருக்கின்றன. ஆய்வகத்தில் எதிர்பாராத முடிவு வந்தால் இந்தப் பெண் என்ன செய்வாள் என்பதே அவர்களுக்குத் தெரியவேண்டும். அதை நேரில் பார்த்தவர் வழிகாட்டி மட்டுமே.

முதல் படி: மாணவியிடம் கேட்டு வாங்குங்கள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கடைசி நாள் டிசம்பரில் வரும். ஆகவே அக்டோபரிலேயே தன்விவரக் குறிப்பு, ஆய்வேடு, பல்கலைக்கழகங்களின் பட்டியல் ஆகியவற்றை வாங்கிவிடுங்கள். கூடவே, திட்ட ஆய்வில் எது தவறிப்போனது, அதற்கு என்ன செய்தாள் என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள்.

"நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். பெரும்பாலும் மூன்று பேரிடம் கடிதம் கேட்கிறார்கள். மூவரும் இப்படிச் சொன்னால், மூன்று பேராசிரியர்களும் ஒரே குரலில் பேசுவார்கள். ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான கடிதங்களைப் படிப்பவர்களுக்கு அது தெரியாமல் போகாது.

இரண்டாம் படி: ஒரே ஒரு நிகழ்ச்சி

இதற்குத்தான் அதிக நேரம் செலவிடவேண்டும். என் மாணவி ஒருத்தி மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலின் இயற்கைக் கதிரியக்கத்தை அளந்தாள். அங்குள்ள மோனசைட் மணலில் தோரியம் அதிகம். மணலை டப்பாவில் அடைத்து, ஏறத்தாழ நான்கு வாரம் மூடி வைத்த பிறகே காமா கதிர்களை எண்ணவேண்டும். ரேடியத்திலிருந்து பிறக்கும் ரேடான் வாயு வெளியேறாமல் உள்ளேயே சேர்ந்து சமநிலைக்கு வருவதற்கே இந்தக் காத்திருப்பு.

ஒரே குழியில் எடுத்த மணலை அவள் இரண்டு டப்பாக்களில் அடைத்திருந்தாள். தோரியம் அளவு இரண்டிலும் ஒன்றாக வந்தது. யுரேனியம் சிதைந்து ரேடியம், ரேடான் என்று தொடரும் யுரேனியம் வரிசையின் அளவு மட்டும் ஒன்றில் குறைந்தது. "சராசரி எடுத்துவிடு" என்றேன், தவறு என்னுடையது. மறுநாள் வந்து, "சார், மூடி கசிகிறது என்று நினைக்கிறேன்" என்றாள். யுரேனியம் வரிசை ரேடானின் அரை ஆயுள் 3.8 நாள், கசிந்து வெளியேற அதற்கு நேரம் உண்டு. தோரியம் வரிசை ரேடான் ஒரு நிமிடத்துக்குள் பாதியாகிவிடும், கசிவதற்குள் சிதைந்துவிடும். அதனால்தான் ஒரு வரிசையில் மட்டும் குறைகிறது என்று விளக்கினாள். மூடியை மீண்டும் ஒட்டி, இன்னும் நான்கு வாரம் காத்திருந்து எண்ணினாள். இரண்டு டப்பாக்களும் ஒத்துப்போயின.

மூன்றாம் படி: அதைக் கடிதமாக்குவது

கடிதம் ஆங்கிலத்தில்தான் போகும். கருத்தை மட்டும் இங்கே தமிழில் தருகிறேன். "அவர் நுணுக்கமாக ஆராய்பவர்" என்பது என் பழைய பாணி. இப்போது எழுதியது இது: "முரண்பட்ட இரண்டு அளவுகளைச் சராசரி எடுக்கும்படி நான் சொன்னேன். அவர் மறுத்து, காரணம் ரேடான் கசிவே என்று ஊகித்தார். மீண்டும் அளந்து அதை உறுதிசெய்தார். ஆய்வேட்டின் இறுதி அளவுகள் அந்தத் திருத்தத்துக்குப் பிறகு வந்தவை." இதில் பாராட்டுச் சொல் ஒன்றுகூட இல்லை. 'பணிவானவர்' என்ற சொல்லையும் எடுத்துவிட்டேன்; அந்த வாரம் அவள் பணியாமல் இருந்ததுதான் நல்லதாயிற்று.

நான்காம் படி: ஒப்பீடு

"மிகச் சிறந்தவர்" என்றால் யாரோடு ஒப்பிட்டு என்று கேட்பார்கள். "ஒன்பது ஆண்டுகளில் நான் வழிகாட்டிய 23 முதுநிலை மாணவர்களில் முதல் இருவரில் ஒருவர்" என்று எழுதினேன். விண்ணப்பத் தளத்தில் முதல் 5 சதவீதமா, 10 சதவீதமா என்று கட்டம் வைத்தும் கேட்பதுண்டு. அங்கே குறிப்பதும் கடிதமும் ஒத்துப்போகவேண்டும். எல்லாக் கட்டத்திலும் உச்சத்தையே தொட்டால் நம்பமாட்டார்கள். கணினி நிரல் எழுதுவதில் அவள் இன்னும் கற்றுக்கொள்ளவேண்டும் என்றும் ஒரு வரி சேர்த்தேன்.

அனுப்புவது

கல்லூரியின் முகவரித்தாளில், ஒன்றரைப் பக்கத்துக்குள், கையெழுத்திட்ட பிடிஎஃப் போதும். பதிவேற்றும் இணைப்பு உங்கள் மின்னஞ்சலுக்கு நேரடியாக வரும். கல்லூரி முகவரி இருந்தால் அதையே கொடுங்கள். வரவில்லை என்றால் ஸ்பாம் பெட்டியைப் பாருங்கள். கடிதத்தை மாணவியிடம் காட்டவேண்டியதில்லை. அமெரிக்க விண்ணப்பங்களில், அதைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுப்பதாக அவர்களே பெரும்பாலும் குறித்திருப்பார்கள்.

பதிவேற்றும் முன் பல்கலைக்கழகத்தின் பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். நான் ஒருமுறை வேறொரு பல்கலைக்கழகத்தின் பெயரோடு அனுப்பிவிட்டு, திருத்திய கடிதத்தை ஏற்கும்படி மன்னிப்புக் கேட்டு எழுதவேண்டியதாயிற்று.