ஏ.டி.எம்மில் காசு வரலை, கணக்கில் மட்டும் கழிஞ்சிடுச்சா? புகார் எழுதும் முறை

போன ஜூன் 4-ம் தேதி சாயங்காலம், தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஏ.டி.எம்மில் 5,000 ரூபாய் எடுக்கப் போனேன். மெஷின் கரகரன்னு சத்தம் போட்டுவிட்டு நின்றது. காசு வரவில்லை, சீட்டும் வரவில்லை. அவசரத்தில் மறுபடி கார்டைப் போட்டேன், இந்த முறை வந்தது. வெளியே வந்து பார்த்தால் 5,000 கழிந்ததாக இரண்டு எஸ்.எம்.எஸ்.: 6:42-க்கு ஒன்று, 6:45-க்கு ஒன்று.

என்னைப் போல மறுபடி முயற்சி பண்ணாதீர்கள். ஏன் என்று பின்னால் புரியும்.

முதலில் அங்கேயே நின்று மெஷினையும் அதில் ஒட்டியிருக்கும் ஏ.டி.எம். ஐ.டி. எண்ணையும் போட்டோ எடுங்கள். சீட்டு வந்திருந்தால் அதையும் எடுங்கள், அந்த மை சீக்கிரம் அழிந்துவிடும். எஸ்.எம்.எஸ்.ஸை அழிக்க வேண்டாம். கூகுளில் கஸ்டமர் கேர் நம்பர் தேடாதீர்கள், அங்கே மோசடிக்காரர்கள் காத்திருக்கிறார்கள். கார்டின் பின்புறம் இருக்கும் நம்பர் போதும்.

அடுத்தது புகார். மெஷின் எந்த வங்கியுடையதாக இருந்தாலும், உங்களுக்குக் கார்டு கொடுத்த வங்கியில்தான் புகார் தர வேண்டும். "அந்த பேங்க்குக்குப் போங்க" என்று கவுன்டரில் சொன்னால் நகராதீர்கள். நான் எழுதிக் கொடுத்தது இது:

"4-ம் தேதி மாலை 6:42 மணிக்கு, இந்த ஐ.டி. கொண்ட ஏ.டி.எம்மில் 5,000 ரூபாய் எடுக்க முயன்றேன். பணம் வரவில்லை, இந்தப் பரிவர்த்தனை எண்ணில் கணக்கில் கழிந்துவிட்டது. 6:45-க்கு எடுத்த 5,000 கைக்கு வந்தது. அது புகாரில் இல்லை."

கடைசி வரியை நான் முதல் தடவை எழுதவில்லை. நேரமும் போடவில்லை. "பணம் வழங்கப்பட்டது" என்று 10-ம் தேதி பதில் வந்தது. அவர்கள் பார்த்தது 6:45-ஐ! மெஷின் தன் ஒவ்வொரு அசைவையும் நேரத்தோடு ஒரு பதிவில் எழுதி வைக்கும். ஐ.டி., நேரம், பரிவர்த்தனை எண் மூன்றும் கொடுத்தால்தான் சரியான வரியைத் தேடுவார்கள். பாஸ்புக்கில் இரண்டும் ஒரே தொகை, பரிவர்த்தனை எண்தான் வேறு. அதையும் நேரத்தையும் சேர்த்து மறுபடி எழுதினேன். கூடவே மெஷினின் பதிவையும், அன்றைக்கு மெஷினில் இருக்க வேண்டியதைவிடப் பணம் மிச்சம் இருந்ததா என்பதையும், கேமரா காட்சியையும் பார்க்கச் சொன்னேன். 14-ம் தேதி பணம் கணக்கில் ஏறியது. புகார் எண்ணை மட்டும் வாங்காமல் வந்துவிடாதீர்கள்.

ரிசர்வ் வங்கி 2019-ல் வைத்த விதிப்படி, சம்பவம் நடந்த நாளிலிருந்து 5 நாளுக்குள் பணம் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. எனக்குக் கெடு 9-ம் தேதி. 10 முதல் 14 வரை 5 நாள், ஆக 500 ரூபாய். கேட்காமலே தர வேண்டியது அது, ஆனால் எனக்குக் கேட்ட பிறகுதான் வந்தது.

30 நாளாகியும் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால், cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் புகார் தரலாம். வங்கிக்கு முதலில் கொடுத்த புகாரின் நகலை அங்கே ஏற்ற வேண்டும்.