டிஸ்லெக்சியா, குறைப்பார்வை உள்ள மாணவர்களுக்கு ஏற்ற வினாத்தாள்: ஒரு வினாவை வைத்துச் செய்து பார்ப்போம்

தருமபுரி பக்கத்துப் பள்ளி ஒன்றின் எட்டாம் வகுப்பு சமூக அறிவியல் யூனிட் டெஸ்டில் இப்படி ஒரு வினா வருவதாக வைத்துக்கொள்வோம்.

"கர்நாடக மாநிலத்திலுள்ள தலைக்காவிரியில் தோன்றி, ஒகேனக்கல் வழியாகத் தமிழ்நாட்டிற்குள் பாயும் ஆற்றின் குறுக்கே கட்டப்பட்டிராத அணை கீழ்க்கண்டவற்றுள் எது? அ) மேட்டூர் அணை ஆ) கிருஷ்ணராஜ சாகர் அணை இ) கிருஷ்ணகிரி அணை ஈ) கல்லணை ( )"

11 பாயிண்ட் எழுத்து, இரு ஓரமும் சமன் செய்த பத்தி, நான்கு விடைகளும் ஒரே வரியில். ஆசிரியர் சோதிக்க நினைத்தது ஒன்றுதான்: எந்த அணை எந்த ஆற்றில் இருக்கிறது? ஆனால் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கும் குறைப்பார்வை உள்ள பிள்ளைக்கும் அந்தக் கேள்வி வந்து சேர்வதற்கு முன்பே நான்கைந்து தடைகள் நிற்கின்றன. இந்த வினாவையே கையில் எடுத்து, ஒவ்வொரு தடையாக நீக்கிப் பார்ப்போம். முதலில் சொற்கள், பிறகு பக்கம், கடைசியில் ஜெராக்ஸ்.

படி 1: வாக்கியத்தைப் பிரியுங்கள்

தமிழில் பெயருக்கு முன்னால் எத்தனை அடைமொழி வேண்டுமானாலும் அடுக்கலாம். வினைச்சொல்லும் கேள்விச்சொல்லும் பெரும்பாலும் கடைசியில்தான் வரும். அதனால் 'எது?' என்ற இடத்துக்கு வரும்வரை முன்னால் படித்த அத்தனையையும் மனதில் தூக்கிக்கொண்டே வர வேண்டும். ஒவ்வொரு சொல்லையும் எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளை, கடைசிக்கு வருவதற்குள் தொடக்கத்தைத் தவறவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது.

ஆகவே விடைக்குத் தேவைப்படாத தகவலை எடுத்துவிடுங்கள். தலைக்காவிரி, கர்நாடகம், ஒகேனக்கல் மூன்றும் இங்கே அலங்காரம்தான். அவற்றைச் சோதிக்க வேண்டுமென்றால் தனி வினாவாகக் கேளுங்கள்.

படி 2: எதிர்மறையை நேராக்குங்கள்

'கட்டப்பட்ட' என்பதற்கும் 'கட்டப்பட்டிராத' என்பதற்கும் உள்ள வேறுபாடு நீண்ட சொல்லின் வால்பகுதியில் ஒளிந்திருக்கிறது. 'பாயும் – பாயாத', 'உள்ள – இல்லாத' எல்லாமே இப்படித்தான். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகள் பலர் சொல்லின் தொடக்கத்தைப் பார்த்து மீதியை ஊகித்துக்கொள்வார்கள். எதிர்மறை அங்கேயே தவறிப்போகும். சரியான விடை தெரிந்த பிள்ளை எதிர் விடையை எழுதிவிட்டு வரும்.

இந்த வினாவை நேர்மறையாக மாற்றுவது எளிது. காவிரியில் இல்லாத அணையைக் கேட்பதற்குப் பதிலாக, தென்பெண்ணையில் உள்ள அணையைக் கேட்கலாம். சோதிக்கும் அறிவு மாறவில்லை. விடையும் அதே கிருஷ்ணகிரி அணைதான். மாற்றவே முடியாத வினா என்றால் 'இல்லை' என்பதைத் தனிச் சொல்லாக நிறுத்தித் தடித்த எழுத்தில் போடுங்கள்: "எந்த அணை காவிரி ஆற்றில் இல்லை?"

கூட்டி எழுதிய சொற்களையும் இதே கையோடு பிரித்துவிடுங்கள். 'மாநிலத்திலிருந்து' என்பதை 'மாநிலத்தில் இருந்து' என்று எழுதலாம். பாடச்சொற்களில் மட்டும் கை வைக்காதீர்கள். பாடப்புத்தகத்தில் 'நீர்ப்பிடிப்புப் பகுதி' என்று இருந்தால் வினாவிலும் அதுவே இருக்கட்டும். படித்த சொல்லுக்குப் பதில் புதுச் சொல் வந்தால் அது இன்னொரு தடை.

ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகளுக்கும் இந்த இரண்டு படிகளும் உதவும். ஆனால் அவர்கள் மெதுவாகப் படிப்பதை டிஸ்லெக்சியா என்று எண்ணிவிடக் கூடாது. இரண்டும் வேறு வேறு.

படி 3: விடைகளில் எழுத்துப் பொறி இருக்கிறதா என்று பாருங்கள்

'கிருஷ்ணராஜ சாகர்', 'கிருஷ்ணகிரி' இரண்டும் ஒரே நான்கு எழுத்தில் தொடங்குகின்றன, அதுவும் அடுத்தடுத்து. ஒன்றைப் பார்த்து மற்றொன்று என்று எண்ணிவிட வாய்ப்பு அதிகம். பவானி ஆற்றில் உள்ள பவானிசாகர் அணையை அங்கே வைத்தால் சிக்கல் தீர்ந்தது.

எண்களிலும் இதே பொறி உண்டு. தருமபுரி மாவட்டம் உருவான ஆண்டு 1965. அதற்கு விடைகளாக 1965, 1956, 1695 என்று கொடுத்தால் நீங்கள் சோதிப்பது வரலாறு அல்ல, இலக்க வரிசையை. 1965, 1984, 2004 என்று கொடுங்கள். கிருஷ்ணகிரி தனி மாவட்டமான ஆண்டு 2004 என்பதால், பாடம் படிக்காத பிள்ளைக்கு அது போதுமான குழப்பத்தைத் தரும்.

தமிழ்ப் பாடத்தில் ல, ள, ழ வேறுபாட்டையே சோதிக்கும் வினா இதற்கு விலக்கு. அங்கே ஒத்த எழுத்துதான் பாடம். அதை நீக்க முடியாது. அந்த வினாவுக்கு எழுத்தைப் பெரிதாக்கி, கூடுதல் நேரம் கொடுங்கள்.

இப்போது வினா இப்படி ஆகிவிட்டது:

தென்பெண்ணை ஆற்றின் குறுக்கே உள்ள அணை எது?

□ மேட்டூர் அணை
□ பவானிசாகர் அணை
□ கிருஷ்ணகிரி அணை
□ கல்லணை

படி 4: விடைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வையுங்கள்

லென்ஸ் வைத்துப் படிக்கும் பிள்ளைக்கு ஒரு நேரத்தில் இரண்டு மூன்று சொற்கள்தான் தெரியும். ஒரே வரியில் நான்கு விடை இருந்தால், வலது ஓரத்தில் 'ஈ' என்று ஒன்று இருப்பதே தெரியாமல் போகலாம். விடை எழுத்தைக் குறிக்கும் அடைப்புக்குறியும் வலது கோடியில் இருந்தால், விடையைக் கண்டபின் லென்ஸை நகர்த்தி அதைத் தேட வேண்டும். அதனால்தான் மேலே அ, ஆ, இ, ஈ இல்லாமல், சொல்லுக்கு முன்னாலேயே கட்டம் வைத்திருக்கிறோம். பிள்ளை அங்கேயே டிக் போடலாம். தனி விடைத்தாளில் எழுதிச் சேர்க்கும்போது வரிசை மாறிப்போகும் தவறும் நடக்காது.

'பொருத்துக' வினாவிலும் இதே சிக்கல்தான், இன்னும் கடுமையாக. இடப்பக்கப் பட்டியலையும் வலப்பக்கப் பட்டியலையும் சேர்த்துப் பார்க்க முடியாத பிள்ளைக்கு அது நினைவாற்றல் தேர்வாகிவிடுகிறது. ஐந்து இணைகளையும் ஐந்து சிறு தெரிவு வினாக்களாக உடைத்துவிடுவதே நல்லது.

படி 5: வேர்டில் பக்கத்தை அமையுங்கள்

பழைய கோப்பு பாமினி போன்ற எழுத்துருவில் இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். பாமினியில் 'தமிழ்' என்பது கோப்புக்குள் `jkpo;` என்றுதான் இருக்கும். என்விடிஏ போன்ற திரைவாசிப்பான் அந்த ஆங்கில எழுத்துகளையே வாசிக்கும். மாற்றியபின் வரி வரியாக ஒருமுறை படித்துச் சரிபாருங்கள்.

எழுத்துரு: `Nirmala UI` அல்லது `Noto Sans Tamil`. கோடுகள் ஒரே பருமனாக, அலங்காரம் இல்லாமல் இருக்கும். டிஸ்லெக்சியாவுக்கான பிரதியில் 14 பாயிண்ட், குறைப்பார்வைக்கு 18 பாயிண்டில் தொடங்கலாம். கோப்பு ஒன்றுதான், அச்சிடும் அளவு மட்டும் வேறு.

18 என்பது எல்லாருக்கும் பொருந்தாது. ஒரே பத்தியை 16, 18, 20, 24 அளவுகளில் அச்சிட்டு அந்தப் பிள்ளையிடமே கொடுங்கள். குனியாமல், கண்ணைச் சுருக்காமல் படிக்கும் சிறிய அளவு எதுவோ, அதற்கு அடுத்த அளவை எடுத்துக்கொள்ளுங்கள். பார்வைப் புலம் குறுகிய பிள்ளைக்கு, அதாவது குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் நடுப்பகுதி மட்டும் தெரிபவருக்கு, எழுத்தைப் பெரிதாக்கினால் படிப்பது இன்னும் கடினமாகும். அவருக்கு 14 பாயிண்டே நன்றாக இருக்கலாம்.

வரி இடைவெளி 1.5. தமிழில் மேலே ி, ீ சுழிகளும் கீழே ு, ூ குறிகளும் இருப்பதால், நெருக்கமான வரிகளில் அவை ஒன்றோடொன்று மோதும். பத்தியை இடது ஓரம் மட்டும் சீராக்குங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. இரு ஓரமும் சமன் செய்தால் வரிக்கு நான்கைந்து சொல்தான் நிற்கும், நடுவில் பெரிய ஓட்டைகள் விழும், கண் அந்த ஓட்டை வழியே கீழ்வரிக்கு நழுவிவிடும். அடிக்கோடு வேண்டாம்; அது ு, ூ குறிகளை வெட்டும். அழுத்தம் தர, ஒரு சொல்லுக்கு மட்டும் தடித்த எழுத்து போதும். முழு வினாவையும் தடித்தால் ண, ஞ போன்ற எழுத்துகளின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி கூட்டுவதையும் தவிர்த்துவிடுங்கள். ஆங்கிலத்துக்கு அது உதவும். தமிழிலோ 'கொ' என்பதில் கொம்பும் காலும் க-வை விட்டு விலகித் தனித்தனியாக நிற்க வாய்ப்புண்டு.

ஒரு வினா இரண்டு பக்கமாக உடையவே கூடாது. வினாவையும், கடைசி விடையைத் தவிர மற்ற விடைகளையும் தேர்ந்தெடுத்து, `Paragraph` → `Line and Page Breaks` → `Keep with next` என்பதில் டிக் போடுங்கள். கடைசி விடைக்கும் போட்டுவிட்டால் எல்லா வினாக்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பக்கம் கண்டபடி உடையும்.

படி 6: ஜெராக்ஸ் கடையில்

இத்தனை உழைப்பும் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். மங்கலான பிரதியில் முதலில் மறைவது புள்ளி. 'க்' என்பது 'க' ஆகிவிடும். அடுத்து ெ, ே கொம்புகளின் வேறுபாடு போகும். ர-வும் ா-வும் பல எழுத்துருக்களில் ஏற்கெனவே ஒன்றுபோல இருக்கும். மங்கினால் பிரித்தறியவே முடியாது. நகலின் நகலை எடுக்காமல், ஒவ்வொரு பிரதியையும் கோப்பில் இருந்தே பிரின்ட் எடுங்கள். பளபளப்பில்லாத வெளிர்மஞ்சள் அல்லது கிரீம் நிறத் தாள், ஒரு பக்கம் மட்டும். மெல்லிய தாளில் இருபுறமும் அடித்தால் பின்பக்க எழுத்து நிழலாடும்.

"A4-ஐ A3 ஆக்கிக் கொடுத்துவிடலாமே" என்று கடைக்காரர் சொல்வார். அது 141 சதவீதப் பெரிதாக்கல். 11 பாயிண்ட் எழுத்து 15.5 ஆகும், அவ்வளவுதான். 18-ஐ எட்டாது, ஓட்டைகளும் சேர்ந்து பெரிதாகும், தாளும் பெஞ்சில் அடங்காது.

படி 7: அட்டையில் ஒரு சன்னல் வெட்டிப் பாருங்கள்

ஓர் அட்டையில் 8 செ.மீ. அகலம், 3 செ.மீ. உயரத்தில் ஓட்டை வெட்டுங்கள். அதை வினாத்தாள்மேல் வைத்து நகர்த்தி, ஓட்டைக்குள் தெரிவதை மட்டும் பார்த்து நீங்களே தேர்வு எழுதுங்கள். எங்கே அட்டையை முன்னும் பின்னும் இழுக்கிறீர்களோ, அங்கே அமைப்பு தவறு. பிறகு வினாவை உரக்கப் படியுங்கள். நடுவில் மூச்சு வாங்க வேண்டியிருந்தால் முதல் படிக்குத் திரும்ப வேண்டும்.

தேர்வு முடிந்தபின், அந்தப் பிள்ளை தவறவிட்ட வினாக்களை அன்றே வாய்மொழியாகக் கேளுங்கள். வாயால் சரியாகச் சொல்லித் தாளில் தவறவிட்ட வினா எது என்று குறித்துவையுங்கள். அடுத்த யூனிட் டெஸ்டுக்கு முன் திருத்தி எழுத வேண்டியது அந்த வினாவைத்தான்.