பழைய விளம்பர வசனத்த புதுப்பிக்கிறது எப்பிடி: ஒரு சாரிக் கடை நோட்டீஸ வெச்சுப் பாப்பம்

களுவாஞ்சிக்குடியில மாமி ஒராள் மருதமுனைக் கைத்தறி சாரி விக்கிறா. 2021 தீபாவளிக்கு அடிச்ச நோட்டீஸ்தான் இன்னும் அவட பேஸ்புக், வட்ஸ்அப் எல்லாத்துலயும் ஓடிட்டு இருந்தது. இந்த முறை அத புதுசாக்கித் தா எண்டு கேட்டா. பழைய நோட்டீஸில இருந்தது இதான்:

"கொரோனா காலத்தில் வீட்டிலிருந்தே பாதுகாப்பாக வாங்குங்கள்! 100% பருத்திக் கைத்தறி சாரி ரூ. 2,450 முதல். ரூ. 4,500க்கு மேல் வாங்கினால் டெலிவரி இலவசம். 20 வருட அனுபவம்."

நாலே வரிதான், ஆனா நாலும் நாலு விதமாப் பழசாகிக் கெடக்கு.

முதல்ல எல்லாத்தையும் ஒரு இடத்துக்குக் கொண்டு வாங்க

பேஸ்புக் பேஜில பின் பண்ணின போஸ்ட், கூகுள் மெப்பில போட்ட விபரம், வட்ஸ்அப் பிஸ்னஸ் கெட்டலொக் இதெல்லாம் ஆருக்கும் ஞாபகம் வரும். ஞாபகம் வராதது வட்ஸ்அப்பில ஒரு சொல்லத் தட்டினா முழு வசனமும் தானா வாற குவிக் ரிப்ளை. மாமிட போன்ல "பெற்றோல் பிரச்சினையால் டெலிவரி 10 நாட்கள் ஆகலாம்" எண்டு 2022 வரிசைக் காலத்து வசனம் அப்பிடியே கெடந்தது, கடையில நிக்கிற பிள்ளை அத வாசிக்காமலே தட்டித் தட்டி அனுப்பிட்டு இருந்திருக்கு. எல்லாத்தையும் கொப்பி பண்ணி ஒரே கூகுள் டொக்ஸ் பைலில போடுங்க. வேர்ட்லயும் செய்யலாம்தான், ஆனா கடைக்காரரும் போன்லயே திறந்து பாக்கணும் எண்டா எனக்கு கூகுள் டொக்ஸ்தான் சரி.

பாமினி பொன்ட் செய்யிற வேலை

இதுல கொஞ்சம் மெதுவாப் போங்க, என்ட நேரம் கூடப் போனது இங்கதான். எங்கட பக்கத்து அச்சகங்களில பழைய நோட்டீஸ் முக்காவாசி பாமினி எண்ட, யூனிகோட் இல்லாத பழைய பொன்ட்டில அடிச்சது. அந்த பைல யூனிகோட் கன்வேட்டர்ல போட்டா தமிழ் அழகா வரும். ஆனா % இருந்த இடத்துல எல்லாம் "மூ" எண்டு வரும், ஏனெண்டா பாமினியில அந்தக் கீயிலதான் "மூ" இருக்கு. அச்சகக்காரர் அந்த ஒரு குறிக்கு மட்டும் இங்கிலீஷ் பொன்ட்டுக்கு மாத்தி அடிச்சிருப்பார், கன்வேட்டருக்கு அது விளங்காது. அப்ப "100% பருத்தி" எண்டது "100மூ பருத்தி" ஆகிடும். நீங்க % எண்டு தேடுவீங்க, ஒண்டும் வராது, சரி பைல் கிளீன் எண்டு நினைப்பீங்க.

அதனால கொம்பியூட்டரில கூகுள் டொக்ஸில தேடி மாத்துற பெட்டியத் திறந்து, ரெகுலர் எக்ஸ்பிரஷன் எண்டதுக்கு டிக் போட்டு இதக் குடுங்க:

```
[0-9]+ ?(%|மூ)
```

மறுகா வெறும் `[0-9]` எண்டு குடுத்து இன்னொருக்கா தேடுங்க. இலக்கம் உள்ள எல்லா இடமும் மாட்டும், விலை, வருசம், போன் நம்பர் எல்லாம். அதுக்குப் பிறகு "முதல்", "புதிய", "இப்போது", "ஒரே", "விரைவில்" எண்டு ஒவ்வொண்டாத் தேடுங்க. நாள் போகப் போகப் பொய்யாகிற சொல்லுகள் இதுகள்தான். படத்துக்குள்ள எழுதினது எந்தத் தேடலுக்கும் மாட்டாது, அத கண்ணாலதான் பாக்கணும்.

விலை

2,450 சாரி இப்ப கடையில 4,900. அந்த இலக்கத்த மட்டும் மாத்திட்டுப் போனா வேலை முடிஞ்ச மாதிரித்தான் தெரியும், ஆனா அடுத்த வரியப் பாருங்க. 4,500க்கு மேல டெலிவரி இலவசம். 2021ல அந்த எல்லையத் தாண்ட ரெண்டு சாரி வாங்கணும். இப்ப ஒரு சாரி வாங்கினாலே தாண்டிடும். வசனத்துல ஒரு எழுத்தும் மாறல்ல, ஆனா ரெண்டு சாரிக்குக் குடுத்த சலுகை ஒரு சாரிக்கு வந்திட்டு, கொரியர் காசு ஒவ்வொரு பார்சலுக்கும் மாமிட கையால போகுது. அதனால ஒரு விலைய மாத்தினா அந்த விலையோட கட்டின சலுகை எல்லாத்தையும் கூடவே பாருங்க. நாங்க இலக்கத்தையே எடுத்திட்டு "ரெண்டு சாரி வாங்கினா டெலிவரி இலவசம்" எண்டு போட்டம், விலை ஏறினாலும் இறங்கினாலும் அது அப்பிடியே நிக்கும்.

"முதல்" எண்ட சொல்லுக்கும் ஒரு சோதனை வைங்க. இண்டைக்கு ஒராள் வந்து அந்த விலைக்குக் கேட்டா எடுத்துக் குடுக்க சாரி இருக்கா? ஒண்டே ஒண்டு, அதுவும் ஓரம் மங்கினது எண்டா அந்த விலையப் போடாதீங்க.

கடையில நிண்டு பாக்க வேண்டிய வரி

"மாமி, இது இன்னும் முழுக்கப் பருத்திதானா?" எண்டு கேட்டன். "ஓம் மனே, நெய்யிறவர் அப்பிடித்தான் சொன்னார்" எண்டா. எப்ப சொன்னவர் எண்டா, நோட்டீஸ் அடிச்ச வருசம். அதுக்குப் பிறகு 2022ல டொலர் எகிறினதோட இறக்குமதி நூல் விலையும் எகிறிச்சு, நூல் மாறியிருக்கவும் கூடும்.

பாக்கிறது லேசு. சாரி ஓரத்துல நீளப்பாட்டுக்குப் போற பாவு நூல் ஒண்டு, குறுக்க போற ஊடை நூல் ஒண்டு, ரெண்டையும் தனித்தனியா இழுங்க. ஒண்டப் பாத்திட்டு விட்டா மற்றது ஏமாத்தும். இடுக்கியால பிடிச்சு நெருப்புக் காட்டுங்க. பருத்தி எண்டா கடதாசி எரியிற மணம் வரும், சாம்பல் தொட்டா உதிரும். பொலியெஸ்டர் உருகிச் சுருங்கி நுனியில கறுப்பா உருண்டையாகும், ஆறினாப் பிறகு நகத்தால நசிச்சாலும் நசியாது. ரெண்டும் கலந்த நூல் எண்டா கொஞ்சம் சாம்பல், கொஞ்சம் உருண்டை. மாமிட சாரியில பாவு சாம்பலாப் போச்சு, ஊடையில உருண்டை நிண்டது.

நெய்யிறவருக்குக் கோல் எடுத்தம், அவர் மறைக்கல்ல, கலப்பு நூல்தான், முழுப் பருத்தி வேணுமெண்டா சொல்லுங்க, விலை கூட எண்டார். ஒண்டு கவனம், விஸ்கோஸ் நூலும் பருத்தி மாதிரியே எரியும், இந்தச் சோதனை அத வேறாக்காது. அதனால சாம்பல் வந்தா உடனே 100% எண்டு எழுதிடாம நூல் வாங்கின பில்லக் கேளுங்க.

"20 வருட அனுபவம்" லேசான கேஸ். ஒவ்வொரு வருசமும் இலக்கம் மாத்த ஆருக்கு ஏலும், "2001 முதல்" எண்டு போட்டாச்சு. கொரோனா வரிய அப்பிடியே வெட்டிட்டம், அதுக்குப் பதிலா ஒண்டும் வைக்கல்ல.

கடைசியா வந்தது:

"மருதமுனைக் கைத்தறி சாரி, பருத்தி கலந்தது, ரூ. 4,900 முதல். முழுப் பருத்தி வேணுமெண்டா கேளுங்க, விலை வேற. ரெண்டு சாரி வாங்கினா டெலிவரி இலவசம். 2001 முதல் களுவாஞ்சிக்குடியில். இந்த விலை தை மாத முடிவு வரை."

மாமிக்கு முதல்ல "கலந்தது" எண்ட சொல் பிடிக்கல்ல, சனம் வாங்காது எண்டா. வாங்கிற ஆள் ஒருக்கா தோய்ச்சா கண்டுபிடிச்சிடும், அதோட பொய்யான தரம் சொல்லி விக்கிறது 2003ம் ஆண்டு நுகர்வோர் சட்டத்துல குற்றம் எண்டு சொன்னாப் பிறகுதான் விட்டா.

பிறகு சேர்த்தது: கொமெண்டில ரெண்டு பேர் கேட்டிருந்தீங்க, பேஸ்புக்கில வசனம் மாத்த விடுதில்ல எண்டு. பூஸ்ட் ஓடிட்டிருந்தா விடாது, பூஸ்ட்ட டிலீட் பண்ணிட்டு மாத்துங்க. விலை படத்துக்குள்ள இருந்தா வசனத்த மாத்தி வேலையில்ல, பழைய போஸ்ட்ட எடுத்திட்டு புதுசாப் போடணும். வட்ஸ்அப்பில அனுப்பின மெசேஜ 15 நிமிசத்துக்குப் பிறகு திருத்த ஏலாது, அதனால ஊருக்குள்ள சுத்துற பழைய நோட்டீஸக் காட்டி 2,450க்குக் கேக்கிற ஆக்கள் வருவாங்க. அவங்களுக்கு எண்டு ஒரு குவிக் ரிப்ளை எழுதி வைங்க: "அது 2021 விலை, இப்ப உள்ள விலை இது", கீழ புது நோட்டீஸ்.